பெருந்தேளா, பெருந்தேனா? படத்தில் வந்த பழம்பாட்டுக்குப் பொருள் எழுதும் முறை

தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி, ஒரு நாள் ராத்திரி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழைய புத்தகப் பக்கம், நாலு அடிப் பாட்டு. கீழே ஒரு கேள்வி: "மாமா, பெரிய தேள் என்ன இழைக்கும்?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தேயிலைக் காட்டில் தேளுக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் சங்கப் பாட்டில் அது எங்கே வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. புத்தகத்தின் நடு மடிப்பில் நிழல் விழுந்து 'னி' என்ற எழுத்து 'ளி' மாதிரி மங்கியிருந்தது. "பெருந்தே னிழைக்கு" என்று அச்சில் இருந்ததை அவள் "பெருந்தே ளிழைக்கு" என்று வாசித்துவிட்டாள். தேன் தேளாகிப் போனது.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான், தமிழாசிரியன் இல்லை. இருந்தாலும் மூணாறு, மறையூர், வட்டவடைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படிப் படம் அனுப்பிப் பொருள் கேட்பது பல வருஷப் பழக்கம். இப்போது சில இளைஞர்கள் தாங்களே பொருள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக அந்தத் தேள் பாட்டையே எடுத்துக்கொண்டு, நான் செய்கிற வரிசையில் சொல்கிறேன். அது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு.

முதலில் படம் சரியாக இருக்க வேண்டும்

பாட்டு மட்டும் தெரிகிற மாதிரி கத்தரித்து அனுப்புவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பாட்டுக்கு மேலேயும் கீழேயும் சின்ன எழுத்தில் இருக்கிற வரிகளும் வேண்டும். ஒன்று பாடியவர் பெயர், இன்னொன்று யார் யாரிடம் எப்போது சொன்னது என்று காட்டும் குறிப்பு. இதைக் கூற்று என்பார்கள். சில பதிப்புகளில் இது பாட்டுக்கு மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. இது இல்லாமல் அகப்பாட்டுக்குப் பொருள் எழுதுவது, கடிதத்தில் அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் கிழிந்துபோன மாதிரி. அதனால் நான் எப்போதும் இரண்டு படம் கேட்பேன். ஒன்று முழுப்பக்கம், இன்னொன்று பாட்டுக்கு மட்டும் கிட்டப் போய் எடுத்தது. பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, பக்கத்தை விரலால் அழுத்தித் தட்டையாக்கி, போனை நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்வேன். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் மடிப்புப் பக்கம் கறுத்துப் போகும். எங்கள் ஊர்த் தேள் அங்கிருந்துதான் வந்தது.

படம் மங்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'ற்' என்பது 'ற' ஆகிவிடும். அப்புறம் ன, ள குழப்பம், ல, ள குழப்பம். 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முன் அச்சான புத்தகமாக இருந்தால் லை, னை, ணா, றா போன்றவை வேறு உருவத்தில் இருக்கும். தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த 'லை'யைப் பார்த்து இங்கே பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். மலையாள எழுத்தும் சேர்ந்து படித்தவர்களுக்கு இந்தத் திகைப்பு ஒரு நாள்தான் இருக்கும். ஒருதரம் காட்டிக் கொடுத்தால் போதும்.

அச்சில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள், பிரிக்காதீர்கள்

அடுத்த வேலை, பாட்டை அப்படியே கையால் பெயர்த்து எழுதுவது. இந்தக் கட்டத்தில் சொல்லைப் பிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பக்கத்தில் இருந்தது இது:

நிலத்தினும் பெரிதே வானினு முயர்ந்தன்று
நீரினு மாரள வின்றே சாரற்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தே னிழைக்கு நாடனொடு நட்பே

இப்போது ஒவ்வோர் அடியிலும் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் அடியில் நாலு, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் மூன்று, கடைசியில் நாலு. இந்தத் துண்டுகளுக்குச் சீர் என்று பெயர். மூன்றாம் அடியில் ஒன்று குறைகிறதே, படத்தின் ஓரம் வெட்டுப்பட்டதோ என்று தோன்றும். வெட்டுப்படவில்லை. கடைசி அடிக்கு முந்திய அடி மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். குறுந்தொகைப் பாட்டுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் வேறோர் அடியில் சீர் குறைந்தால் உடனே சந்தேகப்பட்டுப் படத்தை மறுபடி கேளுங்கள்.

சீர் வேறு, சொல் வேறு என்பதை இங்கேயே மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய அச்சில் இடைவெளி விடுவது சீருக்காக, சொல்லுக்காக இல்லை. 'மாரள' என்பது ஒரு சொல் இல்லை, 'வின்றே' என்பதும் இல்லை. புதியவர்கள் அகராதியை எடுத்து 'முயர்ந்தன்று' என்று தேடிக் களைத்துப் போவது இதனால்தான்.

பிரிப்பது

இப்போது பிரிக்கலாம். இந்தப் பாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மூன்று வகை ஒட்டு.

முதல் வகையில், ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் முதல் உயிரோடு ஒட்டிக்கொள்கிறது. 'வானினு முயர்ந்தன்று' என்பது வானினும் + உயர்ந்தன்று. 'பெருந்தே னிழைக்கு' என்பது பெருந்தேன் + இழைக்கு(ம்). இரண்டாம் வகையில் ல் என்பது க-வுக்கு முன் ற் ஆகிறது. சாரல் + கருங்கோல் என்பது 'சாரற் கருங்கோல்', கருங்கோல் + குறிஞ்சி என்பது 'கருங்கோற் குறிஞ்சி'. மூன்றாவதில் ந-வுக்கு முன் ம் விழுந்துவிடுகிறது. இழைக்கும் + நாடன் என்பது 'இழைக்கு நாடன்'. 

இதில் வழுக்கும் இடம் இரண்டாம் அடி. 'நீரினு மாரள வின்றே' என்பதை ஒரு பையன் நீரினு + மாரளவு என்று பிரித்து, "தண்ணீர் மாரளவு இல்லை, முழங்கால் அளவுதான்" என்று எழுதிக் கொண்டுவந்தான். தமிழ் ஒலியைக் கேட்டால் அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது, மாரளவுத் தண்ணீர் என்று நாம் தினமும் பேசுகிறோமே. எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து அடியைப் பார்த்துத்தான். நிலத்தினும், வானினும் என்று இரண்டு வந்தாயிற்று. மூன்றாவது நீரினும் என்றுதான் வர வேண்டும். ஆகவே அந்த ம் நீருக்குச் சொந்தம். மிச்சம் இருப்பது ஆர் + அளவு. 'அரு' என்பது உயிரெழுத்துக்கு முன் 'ஆர்' என்று நீளும். அருமை + உயிர் ஆருயிர் ஆவது மாதிரி, அருமை + அளவு ஆரளவு. அளப்பதற்கு அரிய அளவு என்று பொருள்.

தேளும் இங்கேயே செத்துவிடும். பெருந்தேள் இழைக்கும் என்று எழுத்தளவில் பிரிக்கலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் 'குறிஞ்சிப் பூக்கொண்டு' என்று நிற்கிறது. பூவைக் கொண்டு செய்வது தேன். எழுத்து மங்கினால் பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள், அதற்கும் அசையாவிட்டால் வேறு பதிப்போடு ஒப்பிடுங்கள். உ.வே.சாமிநாதையர் 1937-ல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு இதற்கு நல்ல துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்திலும் பாட்டும் உரையும் கிடைக்கும். எந்த நூல் என்றே தெரியாத பக்கமாக இருந்தால், பாட்டின் முதல் இரண்டு சொற்களை வைத்துத் தேடுங்கள். பதிப்புகளின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பது இதற்காகத்தான்.

கடைசிச் சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள்

சொற்கள் பிரிந்ததும் நேராக முதல் அடியிலிருந்து பொருள் எழுதத் தோன்றும். எழுதினால் "நிலத்தை விடப் பெரியது" என்று ஆரம்பித்து, எது பெரியது என்று தெரியாமல் நாலு அடியும் தொங்கும். நான் கடைசிச் சொல்லுக்குப் போய்விடுவேன். இங்கே அது நட்பு. எழுவாய் அதுதான். பெரிதே, உயர்ந்தன்று, ஆரளவின்றே என்ற மூன்றும் அதற்குப் பயனிலை. எழுவாய் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது, பயனிலைகள் முன்னால் வந்துவிட்டன. பென்சிலால் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

நாடனொடு நட்பு: நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்று.

நடுவில் இருக்கும் 'சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்' என்ற நீளமான தொடர் முழுவதும் நாடன் என்ற ஒரு சொல்லுக்கு அடைமொழி. எலும்புக்கூடு இவ்வளவுதான்.

அன்று, இன்று என்றால் இல்லை என்று அர்த்தமா?

நான் ரொம்ப நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் நானே இதில் விழுந்தவன். பள்ளிக்கூட நாளில் 'உயர்ந்தன்று' என்பதை உயர்ந்தது + அன்று என்று நினைத்து, "வானத்தை விட உயர்ந்தது இல்லை" என்று பரீட்சையில் எழுதினேன். அப்படியானால் தலைவி தன் காதலையே மட்டம் தட்டுகிறாள் என்று ஆகிவிடும். முதல் தொடரில் பெரிது என்று சொன்னவள் இரண்டாவதில் உயரமில்லை என்று ஏன் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

'அன்று' என்ற ஒலி தமிழில் பல இடத்தில் பல வேலை செய்கிறது. எல்லோருக்கும் மனப்பாடமான குறள் ஒன்றிலேயே இரண்டைக் காட்டலாம்: "நன்றி மறப்பது நன்றன்று நன்றல்லது அன்றே மறப்பது நன்று". 'நன்றன்று' என்பதில் உள்ள அன்று, அல்ல என்று மறுக்கிறது. 'அன்றே மறப்பது' என்பதில் உள்ள அன்று, அந்த நாள். நம் பாட்டில் இருப்பது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது.

உயர்ந்தன்று என்பதை உடைத்துப் பாருங்கள். உயர் + த் + த் + அன் + று. 'உயர்' பகுதி. முதல் 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம். அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை. 'அன்' சாரியை, அதாவது நடுவில் வந்து ஒட்டவைக்கும் பசை, அதற்குத் தனிப்பொருள் இல்லை. கடைசியில் உள்ள 'று' ஒன்றன்பால் விகுதி. இன்று நாம் 'உயர்ந்தது' என்று 'து' போட்டுச் சொல்வதை அன்று 'று' போட்டும் சொன்னார்கள். ஒன்றன்பால் வினைமுற்றுக்குத் து, று, டு என்ற மூன்று முடிவும் உண்டு என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆகவே உயர்ந்தன்று என்றால் உயர்ந்தது. மறுப்பு ஏதும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மறுப்பாக இருந்தால் முன்னால் ஒரு முழுச் சொல் நிற்க வேண்டும். உயர்ந்தது + அன்று என்பது 'உயர்ந்ததன்று' என்று வரும், நடுவில் இன்னொரு 'த' தெரியும். அந்தத் 'த' இல்லையென்றால் அது பெரும்பாலும் உடன்பாடு. நன்று + அன்று என்பதில் 'நன்று' முழுச் சொல்லாக நிற்கிறது, அதனால் அங்கே மறுப்பு. இங்கே 'உயர்ந்து' வரைக்கும்தான் கிடைக்கும், அது முற்றுப்பெறாத சொல்.

'ஆரளவின்றே' இன்னும் கொஞ்சம் ஏமாற்றும். இங்கே அளவு + இன்று என்று பிரித்தால் 'அளவு இல்லாதது' என்று வந்து, கேட்க நன்றாகவே இருக்கிறது. பலர் இதோடு திருப்தியாகிவிடுவார்கள். ஆனால் முன்னால் இருக்கும் 'ஆர்' என்பதை என்ன செய்வது? 'அளப்பதற்கு அரிய அளவு இல்லாதது' என்றால் சுலபமாக அளந்துவிடலாம் என்று தலைகீழாகிப் போகும். ஆகவே இதுவும் மறுப்பு இல்லை. அளவு + இன் + று. இன் சாரியை, று அதே ஒன்றன்பால் விகுதி. அளப்பதற்கு அரிய அளவை உடையது என்று பொருள். காலம் காட்டாமல் 'உடையது' என்ற பொருளில் வருவதால் இது குறிப்பு வினைமுற்று. பெரிது என்பதும் அப்படித்தான். 'கூயின்று' என்று இலக்கண உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு வரும், கூவியது என்று அர்த்தம். 'இன்று' என்று முடிந்தும் உடன்பாடாக இருக்கும் என்பதற்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற இலக்கணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தினும் என்பது நிலம் + அத்து + இன் + உம். அத்து சாரியை. இன் ஐந்தாம் வேற்றுமை உருபு, இங்கே 'காட்டிலும்' என்று ஒப்பிட வந்தது. உம் உயர்வு சிறப்பும்மை. நாடனொடு என்பதில் 'ஒடு' மூன்றாம் வேற்றுமை. கருங்கோல் பண்புத்தொகை. பெரிதே என்பதில் உள்ள ஏகாரம் உறுதியைக் காட்டும் தேற்றம், நட்பே என்பதில் உள்ளது வெறும் அசை. கேட்டவர் பரீட்சைக்காகக் கேட்டால் இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். ரசிப்பதற்காகக் கேட்டவருக்கு உயர்ந்தன்று, ஆரளவின்று இரண்டும் போதும்.

தெரிந்த சொல்தான் ஆபத்து

தெரியாத சொல்லுக்கு எல்லோரும் அகராதி பார்ப்பார்கள். தெரிந்த சொல்லுக்குப் பார்க்க மாட்டார்கள், அங்கேதான் பொருள் தடம் மாறும். இந்தப் பாட்டில் அப்படி மூன்று இருக்கிறது.

சாரல் என்றதும் எங்கள் ஊரில் ஜூன் மாசத்து மழைதான் ஞாபகம் வரும். இங்கே மழை இல்லை. சாரல் என்றால் மலைச்சரிவு, மலையின் பக்கம். குறிஞ்சி முளைக்கிற இடம் அது.

கோல் என்றதும் தடி அல்லது செங்கோல் என்று எழுதுவார்கள். இங்கே செடியின் கொம்பு, தண்டு. கருங்கோல் குறிஞ்சி என்றால் கரிய கொம்புகளை உடைய குறிஞ்சி. ராஜமலையிலோ வட்டவடைச் சரிவிலோ புதரை விலக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த அடைமொழி சட்டென்று புரியும். சுற்றுலா வருகிறவர்கள் எடுக்கும் படங்களில் நீலப் பூ மட்டும்தான் இருக்கும், கொம்பு தெரியாது. பாடியவருக்குக் கொம்பு தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, கேரளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே வைத்த பொறி: நாடன். மலையாளத்தில் நாடன் என்றால் நாட்டுவகை. நாடன் கோழி, நாடன் பாட்டு, நாடன் முட்டை. "நாடனொடு நட்பே" என்பதை "நாட்டுப்புறத்தானோடு நட்பு" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். சிரிப்பு வந்தாலும் அவள் வழி எனக்குப் புரிந்தது. சங்கப்பாட்டில் நாடன் என்றால் நாட்டை உடையவன், குறிஞ்சி நிலத்துத் தலைவன். ஆனால் மலையாளம் எப்போதும் காலை வாரிவிடாது. 'பூக்கொண்டு' என்பதில் உள்ள 'கொண்டு' எதற்கு என்று கேட்டால், "கத்தி கொண்டு முறிச்சு" என்று கடைக்காரர் சொல்வதை ஞாபகப்படுத்துங்கள். பூவால், பூவை வைத்து என்பது உடனே விளங்கிவிடும்.

நீர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரைகாரர்கள் இதைக் கடல் என்று எழுதுகிறார்கள். நிலத்தின் பரப்பு, வானத்தின் உயரம் என்று வந்தபின் நீருக்கு ஆழம்தான் பொருந்தும், ஆழம் என்றால் கடல். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இருந்தாலும் சொற்பொருள் எழுதும்போது 'நீர்: நீர் (இங்கே கடல்)' என்று எழுதுங்கள். சொல்லில் இருப்பது எது, உரை சொல்வது எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

தேனை இழைத்தது யார்?

'பெருந்தேன் இழைக்கும் நாடன்' என்பதை இலக்கணம் பார்க்காமல் வாசித்தால் நாடன்தான் உட்கார்ந்து தேன் செய்கிறான் என்று வரும். பெயரெச்சத்துக்கு அடுத்து வருகிற பெயர் எப்போதும் அந்த வேலையைச் செய்தவராக இருக்க வேண்டியதில்லை. 'நான் படித்த பள்ளிக்கூடம்' என்றால் பள்ளிக்கூடமா படித்தது? இங்கேயும் அப்படித்தான். தேன் இழைப்பது வண்டுகள், தேனீக்கள். பாட்டில் அவற்றின் பெயரே இல்லை, நாம் வருவித்துக்கொள்ள வேண்டும். இழைக்கின்ற இடம் நாடு, அந்த நாட்டை உடையவன் நாடன். வருவித்த சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுவது நல்ல பழக்கம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. குறிஞ்சி என்றவுடன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பதை உரையில் நுழைக்காமல் நம் ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. 2006-லும் 2018-லும் மலை நீலமானதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷக் கணக்கில் பூப்பது உண்மைதான். ஆனால் குறிஞ்சி என்ற பெயரில் பல வகைச் செடிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கு இல்லை. பாட்டிலும் வருஷக் கணக்கு இல்லை. "பன்னிரண்டு வருஷம் காத்திருந்த காதல்" என்று எழுதினால் அது நம்முடைய பாட்டு ஆகிவிடும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் கருத்துரைக்கு வெளியே, குறிப்பாக, தனியாகச் சொல்லுங்கள்.

கூற்றைப் படியுங்கள்

இப்போது அந்தச் சின்ன எழுத்து வரிக்கு வருவோம்: "தலைமகன் சிறைப்புறமாக, அவன் வரைந்து கொள்வது வேண்டி, தோழி இயற்பழித்தவழி, தலைமகள் இயற்பட மொழிந்தது."

சிறைப்புறம் என்றால் வீட்டு வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிற இடம், ஜெயில் இல்லை. வரைந்து கொள்வது என்றால் கல்யாணம் செய்துகொள்வது, படம் வரைவது இல்லை. இயற்பழித்தவழி என்றால் அவன் குணத்தைக் குறை சொன்னபோது. இயற்பட மொழிந்தது என்றால் அவன் குணம் நல்லது என்று தோன்றும்படி பேசியது.

நடந்தது இதுதான். தலைவன் வந்து வேலிக்கு வெளியே நிற்கிறான். கல்யாணப் பேச்சை எடுக்காமல் களவிலேயே காலம் கடத்துகிறான். அவன் காதில் விழட்டும், சீக்கிரம் பெண் கேட்டு வரட்டும் என்று தோழி அவனைத் திட்டுகிறாள். உடனே தலைவி, அவனோடு எனக்கு உள்ள உறவு எவ்வளவு பெரியது தெரியுமா என்று அளந்து காட்டுகிறாள். இதையும் அவன் கேட்கிறான். திட்டியதைக் கேட்டு அவன் வெட்கப்படுவானோ என்னவோ, இதைக் கேட்டபின் அவனால் சும்மா இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாட்டுக்குள் 'நான்', 'நீ', 'தோழி' என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூற்று இல்லாமல் பார்த்தால் இதைப் பேசுவது யார் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. அதே சமயம், கூற்று பாடியவர் எழுதியது அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்பதே அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. ஆகவே "தலைவி சொல்கிறாள்" என்று எழுதலாம், கூடவே "கூற்றின்படி" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

பாடியவர் பெயர் தேவகுலத்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேரில் பாதிப்பேர் "தேவிகுளத்தாரா? நம்ம ஊர்க்காரரா?" என்று கேட்டுவிடுவார்கள், அதுவும் குறிஞ்சியைப் பற்றிப் பாடியிருக்கிறார் என்றவுடன். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்று குலம், மற்றொன்று குளம். ஒலி ஒத்திருப்பதை வைத்து ஊர் சொல்ல முடியாது, விட்டுவிட வேண்டியதுதான்.

எழுதிக் கொடுப்பது

எல்லாம் சேர்ந்தபின் நான் எழுதும் வரிசை இது: பிரித்த பாட்டு, சொற்பொருள், இலக்கணத்தில் தேவையான இரண்டு மூன்று, பிறகு கருத்து. கருத்து ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பியது:

"நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆர் அளவின்றே, சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

மலைச்சரிவில் கரிய கொம்புகளை உடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு (தேனீக்கள்) மிகுதியான தேனைச் செய்கின்ற நாட்டை உடையவன் தலைவன். அவனோடு எனக்கு உள்ள நட்பு நிலத்தைக் காட்டிலும் அகன்றது, வானத்தைக் காட்டிலும் உயர்ந்தது, கடலைக் காட்டிலும் அளப்பதற்கு அரிய ஆழம் உடையது. கூற்றின்படி இது, தலைவனைக் குறை கூறிய தோழிக்கு, அவன் வேலிப்புறத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது தலைவி சொன்னது."

கீழே தனியாக ஒரு குறிப்பும் எழுதினேன். பரப்பு, உயரம், ஆழம் என்று மூன்று மாபெரும் அளவுகளைச் சொல்லிவிட்டு, பாட்டு திடீரென்று ஒரு சின்னப் பூவுக்கு இறங்குகிறது. அந்தப் பூக்களிலிருந்து துளித்துளியாகச் சேர்ந்ததுதான் பெருந்தேன். அவர்கள் உறவும் அப்படிச் சேர்ந்தது என்று வாசிக்க இடம் இருக்கிறது. இது சொல்லில் நேராக இல்லை, நான் வாசிக்கும் விதம். அதனால்தான் கருத்துக்குள் சேர்க்காமல் கீழே வைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. "புரிஞ்சுது மாமா. உயர்ந்தன்று மட்டும் இன்னொரு தடவை." வானினும் உயர்ந்ததன்று, வானினும் உயர்ந்தன்று என்று இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, அந்த நடுத் 'த'வைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினேன்.